சித்திரையில் வந்த டயமண்ட், வைகாசியில் போன ஐடி

மருமகன் கடைக்குள் வந்தபோது ரீலோட் போட இரண்டு பேர் நின்றார்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து கல்லடிக்கு, அதுவும் அந்த வெயிலில், அவன் சும்மா பஸ் ஏறுகிற ஆள் இல்லை. அவர்கள் போகும்வரை பேசாமல் நின்றுவிட்டுப் போனை என் முன்னால் வைத்தான். விளையாட்டைத் திறந்தால் உள்ளே போகவில்லை. கணக்கு இடைநிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஒரு பெட்டி மட்டும் வந்து நின்றது.

“மாமா, நான் ஹெக் ஒண்டும் போடல்ல. சத்தியமா.”

“டயமண்ட் எங்க வாங்கினாய்?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. மறுகா சொன்னான். ஓஎல் சோதனை முடிந்த கையோடு, சித்திரை வருடப்பிறப்பு நேரம், ஒரு வட்ஸ்அப் குரூப்பில் வாங்கியிருக்கிறான். டயமண்ட் என்பது விளையாட்டுக்குள் செலவழிக்க உண்மைக் காசு கொடுத்து வாங்குகிற நாணயம். விளையாட்டுக்குள் 3,000 ரூபாய் காட்டுகிற டயமண்ட் கட்டு, அவர்கள் பாஷையில் பக், அங்கே 1,800. ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் காசைப் போட்டு, ஸ்லிப்பைப் படம் பிடித்து அனுப்பி, தன் பிளேயர் ஐடியைக் கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் டயமண்ட் வந்துவிட்டது. அவனுடைய கூட்டாளிகளும் வாங்கினார்கள், அவர்களுக்கும் வந்தது. கண்ணகை அம்மன் சடங்கு நேரம், அதாவது ஏறக்குறைய எட்டுக் கிழமை கழித்து, முதலில் டயமண்ட் கணக்கு மைனஸில் போனது. அடுத்த நாள் ஐடியே போனது.

“டயமண்ட் வந்ததுதானே மாமா? ஏமாத்துறவனெண்டா வராதே?”

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஐடிக்கு டயமண்ட் ஏற்றுவதை டொப்-அப் என்பார்கள். டொப்-அப் மோசடி என்றால் காசை வாங்கிக்கொண்டு டயமண்ட் தராமல் விடுவதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியும் நடக்கிறது, ஆனால் அதில் போவது 1,800 ரூபாயோடு முடிந்துவிடும். டயமண்ட் ஒழுங்காக வந்து சேர்கிற வியாபாரத்தில்தான் ஐடி போகிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். 3,000 ரூபாய் பக்கை விளையாட்டுக்குள் கூகுள் பிளே வழியாக வாங்கினால் அந்த 3,000 முழுதாக விளையாட்டு நிறுவனத்துக்குப் போவதில்லை. பெரிய நிறுவனங்களிடம் கூகுளும் அப்பிளும் நெடுங்காலமாக 30 வீதம் வரை எடுத்து வந்திருக்கின்றன. அந்தக் கணக்கில் 900 ரூபாய் கழிய, நிறுவனத்தின் கைக்கு 2,100 வரும். இதனால்தான் சில நிறுவனங்கள் தங்கள் சொந்த இணையத்தளத்தில் டொப்-அப் செய்தால் கூடுதலாகக் கொஞ்சம் டயமண்ட் தருகின்றன. கடைக்காரக் கூகுளுக்குப் போகிற பங்கில் ஒரு துண்டை நமக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். நிறுவனம் அனுமதித்த விற்பனைத் தளங்களுக்கும் ஒரு சின்னக் கழிவு உண்டு. ஆகவே ஐந்து வீதம், பத்து வீதம், விழாக் காலத்தில் அதற்கு மேலும் கொஞ்சம் மலிவு என்றால் நம்பலாம். 1,800 என்பது நிறுவனமே கையில் பெறும் 2,100ஐ விடக் குறைவு. செய்தவனுக்கே கட்டாத விலையில் இடையில் நிற்பவன் எப்படி விற்று இலாபமும் எடுக்கிறான்?

சில நேரம் விடை நாடுகளுக்கிடையிலான விலை வித்தியாசம். ஒரே பக்கைச் சில நாடுகளில் மலிவாக விற்பார்கள். அந்த நாட்டுக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு வாங்கி இங்கே விற்பவர்கள் இருக்கிறார்கள். கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளம் 2023 நவம்பரில் ஆர்ஜென்டினா, துருக்கி இரண்டிலும் உள்ளூர்க் காசில் விற்பதை நிறுத்தி டொலருக்கு மாற்றியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். இது விதிமீறல், ஆனால் களவு இல்லை. பெரும் மலிவுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது வேறொன்று: டயமண்டுக்குக் கட்டிய காசு விற்பவனுடையதே இல்லை. அது களவெடுத்த கார்ட்டின் காசு. கார்ட் எண்ணும் திகதியும் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் எங்கேயோ கசிந்து, இணையத்தில் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. அப்படி வாங்கிய ஒருவனுக்கு 3,000 ரூபாய் பக்கின் அடக்கவிலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நம்மிடம் வாங்கும் 1,800ம் அவனுக்கு இலாபம்.

நம் ஊரில் கார்ட்டால் இணையத்தில் வாங்கினால் போனுக்கு ஓடிபி வருகிறது, அது இல்லாமல் எப்படி என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. எல்லா நாட்டிலும், எல்லாத் தளத்திலும் ஓடிபி கேட்பதில்லை. கேட்டால் வாங்குபவர் இடையில் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பல தளங்கள் வேண்டுமென்றே கேட்பதில்லை. இதில் ஒரு முக்கியமான நெளிவு இருக்கிறது. ஓடிபி சரிபார்த்து நடந்த கொடுக்கல்வாங்கல் பிறகு களவு என்று தெரிந்தால், பொதுவாக நட்டம் கார்ட் கொடுத்த வங்கியின் தலையில். ஓடிபி கேட்காமல் விற்றிருந்தால் நட்டம் விற்ற கடையின் தலையில். களவுக் கார்ட் வைத்திருப்பவன் போகிற இடம் ஓடிபி கேட்காத இடம்தானே. அதனால் நட்டமும் அங்கேதான் போய் விழுகிறது.

இனி மருமகனின் 1,800 ரூபாயின் கதையை நாளுக்கு நாள் பார்ப்போம். விற்றவனின் பக்கத்தை நான் கண்ணால் காணவில்லை. ஆனால் இந்த வகைக் கேஸ் நடக்கும் விதம் ஏறக்குறைய இதுதான்.

முதல் நாள். மருமகன் காசைப் போடுகிறான். விற்பவன் டொப்-அப் தளம் ஒன்றைத் திறந்து, மருமகனின் பிளேயர் ஐடியை அடித்து, வேறு நாட்டில் யாரோ ஒருவரின் கார்ட் எண்ணால் கட்டுகிறான். அந்த ஐடிக்கு டயமண்ட் போகிறது. தளத்தின் பதிவேட்டில் விழுவது மூன்று விஷயம்: ஓடர் எண், கட்டிய கார்ட், டயமண்ட் போன ஐடி. வட்ஸ்அப் குரூப்பும் இல்லை, 1,800 ரூபாயும் இல்லை, விற்றவனின் பெயரும் இல்லை.

இரண்டு மூன்று கிழமை ஒன்றும் நடக்காது. கார்ட்காரருக்கு மாத முடிவில் பில் வரும். தான் வாங்காத ஏதோ விளையாட்டுச் சாமான் அதில் இருப்பதைக் கண்டு வங்கிக்கு அழைப்பார். சிலர் உடனே பார்ப்பார்கள், சிலர் இரண்டு மாதம் கழித்துப் பார்ப்பார்கள். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் இப்படி முறையிடப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. இந்த 120 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு, கொடுத்த காசைத் திரும்ப இழுக்கிறது. இதற்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். கார்ட்காரரின் வங்கி, கடையின் வங்கியிடமிருந்து எடுக்கும். கடையின் வங்கி கடையிடமிருந்து எடுக்கும். கடை எதிர்த்து வாதாடலாம், சாட்சி காட்டலாம். ஆனால் களவுக் கார்ட் என்றால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? சீலை விற்ற கடை என்றால் இன்னார் கையெழுத்து வைத்து வாங்கினார் என்று காட்டும். டயமண்டை மட்டக்களப்பில் ஒரு பையனின் ஐடி வாங்கியது, கார்ட்காரர் வேறு நாட்டில் இருக்கிறார். அந்தச் சாட்சியே கடைக்கு எதிரான சாட்சி.

கடைக்குப் போவது டயமண்டின் விலை மட்டும் இல்லை. ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் தண்டமாக ஒரு கட்டணம் உண்டு. 15 டொலர் என்பது சாதாரணமாகக் காணும் தொகை. மூன்று டொலர் பக் ஒன்றுக்கும் அதே 15 டொலர். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. விற்பனையில் சார்ஜ்பேக்குகளின் பங்கு ஒரு சின்ன வீதத்தைத் தாண்டினாலே கார்ட் நிறுவனங்கள் அந்தக் கடையைக் கண்காணிப்பில் போடும், அபராதம் விதிக்கும். அப்படியும் குறையாவிட்டால் கார்ட் எடுக்கும் வசதியே போகலாம். உலகம் முழுக்கக் கார்ட்டில் விற்கும் விளையாட்டு நிறுவனத்துக்கு அது கடையை மூடுவதற்குச் சமம். ‘டயமண்டைத் திருப்பி எடுத்தால் போதாதா, ஐடியை ஏன் முடக்க வேண்டும்’ என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒரு ஐடிக்கு ஒரு தடவை களவுக் காசு வந்தால் இன்னொரு தடவையும் வரும் என்றுதான் அவர்கள் கணக்குப் போடுவார்கள்.

இப்போது நிறுவனம் தன் பதிவேட்டைத் திறக்கிறது. காசு போய்விட்டது. கார்ட்காரர் பாதிக்கப்பட்டவர். மிச்சமிருப்பது ஐடி ஒன்றுதான். முதலில் கொடுத்த டயமண்டைக் கழிப்பார்கள். மருமகன் அதற்குள் எல்லாவற்றையும் துவக்கு ஸ்கின்னுக்கும் உடுப்புக்கும் செலவழித்துவிட்டதால் கணக்கு பூச்சியத்துக்குக் கீழே போய் மைனஸ் காட்டியது. சில விளையாட்டுகளில் அந்த மைனஸை ஒழுங்கான வழியில் வாங்கி நிரப்பினால் தொடர்ந்து விளையாடலாம். சிலவற்றில் தற்காலிகத் தடை, சிலவற்றில் நிரந்தரத் தடை. சூப்பர்செல் போன்ற விளையாட்டு நிறுவனங்கள், தங்கள் விளையாட்டு நாணயமான ஜெம்மை வெளியாளிடம் வாங்கினால் அதைத் திருப்பி எடுப்போம், கணக்கையும் மூடலாம் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன.

“நான் களவெடுக்கல்லத்தானே?” என்றான் மருமகன். இல்லைத்தான். ஆனால் களவெடுத்தவன் தன் சொந்த ஐடிக்கு டயமண்ட் போட்டிருந்தாலும் பதிவேடு இதே மாதிரித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நிறுவனத்திடம் ஒரு துரும்பும் கிடையாது. களவு மாட்டை விலைக்கு வாங்கிக் கட்டியவனின் நிலைதான் இவனுக்கும். மாட்டுக்காரன் வந்தால் மாடு நிற்கிற பட்டிக்குத்தான் வருவான்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சலாக இருப்பது இரண்டு காசுகளுக்கும் உள்ள வித்தியாசம். விற்பவன் கட்டியது கார்ட் காசு, நாலு மாதம் வரை திரும்பப் போகக்கூடிய காசு. மருமகன் கட்டியது வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே போட்ட காசு. அதற்குச் சார்ஜ்பேக் என்று ஒன்றே இல்லை. போட்டால் போட்டதுதான். ஈசி கேஷும் அப்படித்தான், மெஷினில் வைத்த காசும் அப்படித்தான். விற்பவர்கள் கார்ட் வேண்டாம், ட்ரான்ஸ்பர் மட்டும் என்று சொல்வது நமக்கு வசதி செய்து தருவதற்கு இல்லை. அந்த வங்கிக் கணக்கின் பெயரும் வட்ஸ்அப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சின்னக் கமிஷனுக்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட வேறு யாரோ ஒருவராக இருக்கும். பொலிஸ் என்று வந்தால் அந்த ஆள்தான் முதலில் மாட்டுவார். இலங்கையில் கார்ட் மோசடிக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

‘ஆறு மாதமாக விற்கிறோம், ஒரு முறைப்பாடும் இல்லை’ என்று அந்தக் குரூப்பில் எழுதியிருந்தார்கள். பொருள் வந்ததற்கு ஸ்கிரீன்ஷொட் நூற்றுக்கணக்கில். வந்த நிமிடத்தில் எடுத்த படங்கள் எல்லாம். 120 நாள் கழித்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஐடி போன பையன் குரூப்பில் வாய் திறந்தால் அந்த நிமிடமே தூக்கிவிடுவார்கள், ஆகவே அங்கே முறைப்பாடு இருக்கவே இராது. மருமகனையும் அப்படித்தான் தூக்கியிருந்தார்கள்.

இது பாஸ்வேர்ட் கேட்காத வகை. பாஸ்வேர்ட் கேட்கிற வகை இன்னும் மோசம். ‘லொகின் டொப்-அப்’ என்பார்கள். உங்கள் பேஸ்புக் அல்லது ஜிமெயிலால் விளையாட்டுக்குள் நுழைந்து, தங்கள் போனில் உள்ள பிளே ஸ்டோர் கணக்கால் வாங்கித் தருவார்கள். கணக்கையே பிடுங்கிக்கொள்ளலாம் என்ற ஆபத்து எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆபத்து ரீபண்ட். வாங்கிக் கொடுத்து, உங்களிடம் காசையும் எடுத்துக்கொண்டு, ‘தவறுதலாக வாங்கிவிட்டேன்’, ‘நான் வாங்கவில்லை’ என்று கூகுளிடம் காசைத் திரும்பக் கேட்பார்கள். கிடைத்தால் அவர்களுக்கு அடக்கவிலை பூச்சியம். முன்பு இது பல விளையாட்டுகளில் வெகுகாலம் பிடிபடாமல் ஓடியது. இப்போது திரும்பப் போன ஒவ்வொரு கொள்முதலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியைக் கூகுள் நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதில் வரும் பதிவின் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

```
"voidedSource": 2,
"voidedReason": 7
```

முதல் வரியில் 2 என்றால் கொள்முதலை ரத்துச் செய்தது கூகுள். இரண்டாவது வரியில் 7 என்றால் காரணம் சார்ஜ்பேக். 5 என்றால் மோசடி. இதோடு ஓடர் எண்ணும் வரும். அந்த எண் எந்த ஐடிக்குப் போனது என்று நிறுவனத்துக்குத் தெரியும். பிறகு நடப்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துச் செய்வதுகூட இல்லை, பட்டியல் வந்ததும் கணினி தானாகக் கழித்துக்கொண்டு போகும்.

களவே இல்லாமலும் இதே தடை வருவதுண்டு. நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். தகப்பன் கட்டாரில் இருப்பார். வீட்டில் உள்ள போனில் ஏதோ தேவைக்கு அவருடைய கார்ட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். பிள்ளை அதில் டயமண்ட் வாங்கிக்கொண்டே போவான். மாத முடிவில் பில்லைப் பார்த்த தகப்பன் பதறிப்போய் வங்கிக்கு அழைத்து, இது நான் செய்யவில்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வங்கி சார்ஜ்பேக் போட்டுவிடும், பிள்ளையின் ஐடி களவுக் கார்ட் பட்டியலில் போய் நிற்கும், கூகுள் கணக்கில் காசு கட்டும் வசதியும் சில நேரம் முடங்கும். இப்படியானால் முதலில் வங்கிக்குப் போகாதீர்கள். வாங்கி 48 மணித்தியாலத்துக்குள் என்றால் கூகுள் பிளேயிலேயே ரீபண்ட் கேட்கலாம். அது தாண்டினால் விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். டயமண்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அது நியாயம். ஆனால் கேட்டு வாங்கிய ரீபண்டும் சார்ஜ்பேக்கும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றில்லை. கார்ட் எண் உண்மையிலேயே வெளியாள் கையில் போயிருந்தால் மட்டும் தாமதிக்காமல் வங்கிக்கு அழையுங்கள்.

சரி, கார்ட் இல்லாத பையன் எங்கே போய் வாங்குவது? ரீசெல்லர் எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்ல மாட்டேன், நானே ஒரு காலத்தில் கடையில் போட்டுக் கொடுத்தவன்தான். என் கார்ட்டால், விளையாட்டு நிறுவனத்தின் தளத்தில், வாங்க வந்தவர்கள் முன்னாலேயே. 3,000 ரூபாய் பக்குக்கு 3,100 வாங்குவேன். ஒழுங்கான இடைத்தரகரின் விலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: அசல் விலையோடு ஒட்டியோ, கொஞ்சம் கூடவோ. தெரு முனையில் கடை, தெரிந்த முகம், அசல் விலை என்றால் அவரிடம் வாங்குவதில் பெரிய பயமில்லை. டயலொக் போன்ற இணைப்புகளில் ரீலோட் காசாலேயே கூகுள் பிளேயில் கட்டவும் முடியும்.

அதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உங்கள் சொந்தக் கூகுள் கணக்கால் வாங்கினால், உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு ரசீது வரும். GPA. என்று தொடங்கும் ஓடர் எண் அதில் இருக்கும். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் நிறுவனம் கேட்கும் முதல் சாமான் அதுதான். மருமகனையும் விளையாட்டின் உதவிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். நடந்ததை மறைக்காமல், வெளியாளிடம் வாங்கினேன், களவு என்று தெரியாது, கழித்த டயமண்டுக்கு ஒழுங்காகக் காசு கட்டத் தயார் என்று. நாலு நாள் கழித்து மறுமொழி வந்தது: கொள்முதல் ரசீதை அனுப்புங்கள். அவனிடம் இருந்தது வங்கி ஸ்லிப் மட்டும், அதுவும் யாரென்றே தெரியாத ஒருவரின் பெயருக்கு. அதை அனுப்பினான். தடை தொடரும் என்று மறுமொழி வந்தது.

இடையில் ஒருவர் பேஸ்புக்கில் வந்து 2,500 ரூபாய்க்கு ஐடியைத் திறந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, காசு போட முதல் என்னைக் கேட்டான். நிறுவனத்தின் கணினியில் உள்ள தடையை வெளியில் உள்ள யாராலும் எடுக்க முடியாது. ஐடி போன பையன்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இவர்கள்.

மூன்று வருடம் விளையாடிய ஐடி அது. இப்போது புது ஐடியில் தொடங்கியிருக்கிறான், பழைய கூட்டாளிகள் ஸ்கொட்டில் சேர்க்க யோசிக்கிறார்களாம். அவர்களில் இரண்டு பேரின் ஐடி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வாங்கி எழுபது நாள்தான் ஆகிறது.

என்ன நடக்கிறது என்று பார்க்க அந்த வட்ஸ்அப் குரூப்பில் நானும் ஒரு பழைய சிம்மில் சேர்ந்து வைத்திருக்கிறேன். நேற்று இரவு புதுப் படம் ஒன்று போட்டார்கள்: அதே 3,000 ரூபாய் பக், இன்றைக்கு மட்டும் 1,650. இரண்டு நிமிடம் ஆகவில்லை, கீழே ஒரு பையன் தன் ஐடி எண்ணை அடித்து, “அண்ணே எனக்கு ஒண்டு” என்று போட்டிருந்தான்.